ஆறு தலைப்புகளுக்குள் அந்த இரண்டு நிமிடம் எங்கே?

கேள்வி: செவிலியர் முதுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாங்கள் கவனித்த நோயாளி இறந்துபோன அனுபவம் பற்றி 8 செவிலியர்களிடம் பேட்டி எடுத்தேன். வாழ்ந்த அனுபவத்தை ஆராயும் கொலாய்சி முறையில் பகுப்பாய்வு செய்வதாக ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்கிறேன். கோடிங் செய்ததில் 140 குறியீடுகள் வந்தன. அவற்றை மன அழுத்தம், பணிச்சுமை, உறவினரை எதிர்கொள்ளுதல், குற்ற உணர்வு, சமாளிக்கும் வழிகள், ஆதரவின்மை என்று 6 தீம்களாக்கினேன். கைடு பார்த்துவிட்டு, "இதில் அனுபவமே இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒருவர் சொன்னது மட்டும் எந்தத் தீமிலும் ஒட்டவில்லை. நோயாளி இறந்ததும் அடுத்த படுக்கைக்குக் கூப்பிட்டபோது "கோபம்தான் வந்துச்சு, ரெண்டு நிமிஷம் விட மாட்டீங்களான்னு" என்றார். அதை விட்டுவிட்டேன். நானும் இப்படிப்பட்ட பிரிவில் 5 வருடம் வேலை பார்த்தவள். எங்கே தவறு? மறுபடி பேட்டி எடுக்க வேண்டுமா? வேறொரு பேட்டியின் ஒரு பகுதியை, அந்தச் செவிலியரின் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கி இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் ஆறு தீம்களையும் ஒரு தாளில் எழுதி, இன்னும் ஒரு பேட்டிகூட எடுக்காத ஒரு தோழியிடம் கொடுத்துப் பாருங்கள். "ஆமாம், இதெல்லாம் இருக்கும்தான்" என்பார். பேட்டி எடுக்காமலேயே ஒருவர் ஊகித்துவிடக்கூடிய தலைப்புகள் அவை. சந்தேகமாக இருந்தால் பேட்டிக்கு நீங்கள் தயாரித்த கேள்வித்தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். உறவினரை எப்படி எதிர்கொண்டீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள், யாருடைய ஆதரவு கிடைத்தது என்று நீங்கள் கேட்டவையே தீம்களாகத் திரும்பி வந்திருக்கும். உங்கள் கைடு சொல்வது இதைத்தான். பேட்டியில் அனுபவம் இருக்கிறது, தீம்களுக்கு வரும் வழியில் உதிர்ந்துவிட்டது.

எங்கே உதிர்ந்தது என்பதை நீங்கள் அனுப்பிய பகுதியை வைத்தே பார்க்கலாம். அந்தச் செவிலியர் சொன்னது இது:

"மானிட்டரை ஆஃப் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டேன். அப்புறம் சத்தம் இல்லை. எனக்குக் கையை என்ன பண்றதுன்னு தெரியல. பெட்ஷீட்டை நேர் பண்ணேன். ஏற்கெனவே நேராத்தான் இருந்துச்சு. வெளியே அவங்க பொண்ணு நிக்குது. எனக்குத் தெரிஞ்சுடுச்சு, அதுக்குத் தெரியாது. அந்த ரெண்டு நிமிஷம் நான் கதவு பக்கம் பார்க்கவே இல்லை. பக்கத்து பெட்ல பம்ப் அலாரம் அடிச்சது. ஓடினேன். ஓடும்போது நிம்மதியா இருந்துச்சு. அதை நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு. இந்த வேலைன்னா இதெல்லாம் இருக்கும், நாமதான் பழகிக்கணும்."

இதற்கு நீங்கள் ஓரத்தில் எழுதியிருப்பவை: சமாளிக்கும் வழி, உறவினரை எதிர்கொள்ளுதல், பணிச்சுமை, குற்ற உணர்வு, ஏற்றுக்கொள்ளுதல். ஐந்து குறியீடு போட்டதும் பகுதி தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தக் குறியீடுகளை மட்டும் படிக்கும் ஒருவருக்கு, ஏற்கெனவே நேராக இருந்த படுக்கை விரிப்பை ஒரு கை மறுபடி நேர் செய்தது தெரியவே வராது.

கொலாய்சி 1978-இல் வகுத்த ஏழு படிகளை உங்கள் முறையியல் அத்தியாயத்தில் வரிசையாக எழுதியிருப்பீர்கள். எல்லாப் பேட்டிகளையும் முழுதாகப் படிப்பது முதல் படி. முக்கியக் கூற்றுகளைப் பிரித்தெடுப்பது இரண்டாவது. ஒவ்வொரு கூற்றுக்கும் பொருள் வகுப்பது மூன்றாவது. அந்தப் பொருள்களைத் தீம்களாகத் தொகுப்பது நான்காவது. நீங்கள் இரண்டிலிருந்து நேராக நான்குக்குத் தாவிவிட்டீர்கள். மூன்றாவது படிதான் இந்த முறையின் உயிர், சிறிய ஆய்வுகளில் பெரும்பாலும் காணாமல் போவதும் அதுதான். அட்டவணையில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கும், உள்ளே பார்த்தால் கூற்றையே கொஞ்சம் சுருக்கி எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது படியில் செய்ய வேண்டிய ஒரு சலிப்பு வேலை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள பகுதியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அதுவரை "நான்", "பண்ணேன்", "ஓடினேன்" என்று பேசியவர் அங்கே "நாம", "இருக்கும்" என்று மாறுகிறார். தமிழில் பேட்டி எடுப்பவர்களுக்கு இது ஒரு வரம். நடந்ததைச் சொல்லும்போது நாம் இறந்த காலத்தில் சொல்கிறோம். பொதுக் கருத்துக்குப் போகும்போது வினை தானாகவே "இருக்கும்", "வரும்", "செய்வோம்" என்று மாறிவிடுகிறது. "கஷ்டமா இருந்துச்சு" என்பது அனுபவம். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்பது அனுபவத்தைப் பற்றிய அபிப்பிராயம். எட்டுப் பேட்டிகளிலும் இந்த இரண்டையும் இரு நிறத்தில் கோடிட்டுப் பாருங்கள். அபிப்பிராயங்களைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் தீம்களை அவற்றின் மீது கட்டக் கூடாது. உங்கள் 140 குறியீடுகளில் கணிசமான பங்கு இந்த இரண்டாவது நிறத்தில் விழும் என்று நினைக்கிறேன். இப்படி "ஏற்றுக்கொள்ளுதல்" என்ற குறியீடு இந்தப் பகுதியிலிருந்து போய்விடுகிறது. அவர் ஏற்றுக்கொண்டதாக அதில் எங்கும் இல்லை. ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருக்கிறது.

சரி, மூன்றாவது படிக்கு வருவோம். பொருள் வகுப்பது என்றால், அவர் சொன்னதிலிருந்து அந்தக் கணம் அவருக்கு எப்படித் தோன்றியது என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுவது. குறியீடு மாதிரி ஒற்றைச் சொல்லாக எழுதினால் போதாது.

படுக்கை விரிப்பு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது: "பராமரிப்பு முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் கை பராமரிப்பைத் தொடர்கிறது. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது செய்யும்போதே கண்ணில் படுகிறது." இதில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் அவர் பேச்சில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடியும். முடிந்துவிட்டது தெரியும் என்பதற்கு மானிட்டரை அவரே அணைத்தது, கை தொடர்கிறது என்பதற்கு விரிப்பு, கண்ணில் படுகிறது என்பதற்கு "ஏற்கெனவே நேராத்தான் இருந்துச்சு". இதே வரிக்கு "இறப்பை மனம் மறுத்தல்" என்று எழுதுபவர்கள் உண்டு. மறுத்தார் என்பதற்கு எந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டுவீர்கள்? அது பாடப்புத்தகத்திலிருந்து வந்த பொருள்.

அடுத்து அந்தக் கதவு. நான் முதலில் எழுதிப் பார்த்தது: "தன் முகமே மகளுக்குச் செய்தியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து கதவைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயம் என்ற சொல் அவர் பேச்சில் இல்லை, முகம் என்ற சொல்லும் இல்லை. எழுதியது என் நினைவு, அவருடைய அனுபவம் இல்லை. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "இறப்பு முதலில், தனக்குத் தெரிந்து மகளுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கிறது. அந்த இடைவெளி இருக்கும்வரை கதவு இருக்கும் திசையே பார்க்க முடியாத திசையாகிறது." "முடியாத" என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான், அவர் "பார்க்கவே இல்லை" என்றுதான் சொன்னார். "பார்க்காத திசையாகிறது" என்று திருத்திக்கொள்ளுங்கள். இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பீர்கள். தேவை. ஏனென்றால் நீங்கள் இதற்கு இட்ட குறியீடு "உறவினரை எதிர்கொள்ளுதல்". அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது அதற்கு நேர் எதிரானது.

கடைசியாக "ஒரு மாதிரி இருக்கு". இதைக் குற்ற உணர்வு என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். கூச்சமாகவும் இருக்கலாம், வியப்பாகவும் இருக்கலாம், பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். பேட்டியின்போதே "ஒரு மாதிரின்னா எப்படி?" என்று கேட்டிருக்க வேண்டிய இடம் இது. கேட்கவில்லை என்றால் இப்போது செய்யக்கூடியது, "நிம்மதி வந்தது என்பது, பின்னால் நினைக்கும்போது அவருக்கே இடறுகிறது" என்று எழுதி நிறுத்துவதுதான். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுபவராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: பேட்டிகளை முதலில் மொழிபெயர்த்துவிட்டு அந்த மொழிபெயர்ப்பைப் பகுப்பாய்வு செய்யாதீர்கள். "ஒரு மாதிரி" முதல் மொழிபெயர்ப்பிலேயே செத்துப்போகும். பொருள் வகுக்கும்வரை தமிழிலேயே இருங்கள்.

இந்தப் பகுதிக்கு நான்கைந்து பொருள்கள் வரும். ஒரு பேட்டிக்கு 15 முதல் 25 கூற்றுகள் என்று வைத்துக்கொண்டால் வேலை கையடக்கமாக இருக்கும். இது விதி இல்லை, என் பழக்கம். ஒரு நாளைக்கு ஒரு பேட்டிக்கு மேல் செய்யாதீர்கள். இரண்டாவது பேட்டிக்கு முதல் பேட்டியின் வாக்கியங்களே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது நீங்கள் விட்டுவிட்ட அந்தக் கோபக்காரர். ஒட்டாததை ஒதுக்கிவிடும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று கொலாய்சியே எச்சரிக்கிறார். உங்கள் ஆய்விலேயே விலை உயர்ந்த வரி அதுதான் என்பேன். முதல் செவிலியரின் பேட்டியை மட்டும் வைத்திருந்தால் நான் "அடுத்த நோயாளியின் தேவை ஒரு தப்பித்தலாக வருகிறது" என்று ஒரு தீம் எழுதியிருப்பேன். அலாரம், ஓட்டம், நிம்மதி எல்லாம் அதில் பொருந்துகிறது. கோபம் வந்தது என்பவரை அதில் சேர்க்க முடியாது. இங்கே பலரும் செய்வது, "சிலருக்கு நிம்மதி, சிலருக்குக் கோபம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது. அதற்குப் பதில், இரண்டுக்கும் அடியில் மாறாமல் இருப்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள். நிகழ்வியல் என்ற தத்துவத்தைத் தொடங்கிய ஹுஸ்ஸெர்லின் வழியில் வந்தவர்கள் கற்பனையில் மாற்றிப் பார்ப்பது என்று சொல்வது இதைத்தான். நிம்மதியை எடுத்துவிட்டுக் கோபத்தை வையுங்கள், அனுபவம் அதே அனுபவமாக இருக்கிறதா? இருக்கிறது. அலாரத்தை எடுத்துவிட்டு ஒருவர் வந்து கூப்பிட்டதாக வையுங்கள். அப்போதும் இருக்கிறது. அடுத்த படுக்கையே இல்லை, பிரிவில் அவர் ஒருவர், அந்த நோயாளி ஒருவர் என்று வையுங்கள். இப்போது அனுபவம் உடைந்துபோகிறது. அப்படியானால் மாறாதது, இறப்புக்கென்று தனி நேரம் இல்லை, அது அடுத்த படுக்கையால் வெட்டப்படுகிறது என்பதுதான். அந்த வெட்டு ஒருவருக்கு விடுதலையாக வருகிறது, இன்னொருவருக்குத் தன்னிடமிருந்து எதையோ பறித்ததாக வருகிறது. "ரெண்டு நிமிஷம் விட மாட்டீங்களா" என்பதில் உள்ள இரண்டு நிமிடத்தையும், கதவைப் பார்க்காத இரண்டு நிமிடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் ஒருவர் கேட்டுக் கிடைக்காத நேரம், இன்னொருவருக்குத் தாங்க வேண்டியதாக இருந்த நேரம்.

ஆகவே தீமின் பெயர் "பணிச்சுமை" இல்லை. "இந்த இறப்புக்கென்று நேரம் இல்லை: அடுத்த படுக்கை வெட்டுகிறது" என்பது போல ஒன்று. தீம் பெயர் ஒரு வாக்கியமாகவோ, வாக்கியத்தின் பாதியாகவோ இருக்கட்டும். அதில் யாருக்கோ எதுவோ நிகழ வேண்டும். ஒன்று கவனியுங்கள், நான் இதை உங்கள் இரண்டு பேட்டிகளின் துணுக்குகளை வைத்துச் சொல்கிறேன். மீதி ஆறும் இதைக் கலைத்துவிடலாம். கலைத்தால் கலையட்டும், உங்கள் கையில் இருக்கும் பேட்டிகளே முடிவு செய்யட்டும்.

"8 பேரில் 6 பேர் சொன்னார்கள்" என்று எழுத வேண்டாம். அடித்தளமாக ஒன்று இருக்கிறது என்பதை இங்கே எண்ணிக்கை நிறுவுவதில்லை. அந்தக் கோபத்தை ஒருவர்தான் சொன்னார், அவர்தான் அந்தத் தீமின் பெயரையே மாற்றினார்.

அடுத்து, நீங்கள் 5 வருடம் அதே வேலையில் இருந்தது. என் சொந்த ஆய்வேட்டில் "ஆய்வாளர் தன் முன்முடிவுகளை அடைப்புக்குள் வைத்தார்" என்று ஒரே வாக்கியம் எழுதியிருந்தேன். வைவாவில் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எங்கே அந்த அடைப்பு, காட்டுங்கள்" என்றார். காட்ட ஒன்றும் இல்லை. இப்படி அடைப்புக்குள் வைக்கும் பிராக்கெட்டிங் என்பது மனதுக்குள் எடுக்கும் சபதம் இல்லை, கையில் எடுத்துக் காட்டக்கூடிய தாளாக இருக்க வேண்டும். பேட்டிகளுக்கு முன்பே எழுதியிருந்தால் நல்லது. எழுதவில்லை என்றாலும் இன்றே, மறுபடி டிரான்ஸ்கிரிப்டைத் திறப்பதற்கு முன், நீங்கள் கவனித்த ஒரு நோயாளி இறந்த நாளை மூன்று பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். தேதி பேட்டிகளுக்குப் பிந்தியது என்பதை ஆய்வேட்டில் மறைக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு பொருளை வகுத்ததும் அந்த மூன்று பக்கத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் பக்கத்தில் இருக்கும் சொல் அவர் பேச்சில் இல்லாமல் பொருளில் மட்டும் வந்திருந்தால், அது உங்களுடையது. மேலே நான் அடித்த பயமும் முகமும் அப்படி வந்தவைதான்.

உங்கள் பேட்டிகளிலேயே இதற்கு இன்னொரு சோதனை இருக்கிறது. ஒலிப்பதிவில் நீங்கள் "ம்ம், புரியுது", "எனக்கும் அப்படித்தான்" என்று சொன்ன இடங்களையும், அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைத்த இடங்களையும் குறியுங்கள். புரிந்துவிட்டது என்று இரண்டு செவிலியர்கள் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்ட இடத்தில் விவரிப்பு நின்றுபோயிருக்கும். சொல்ல வேண்டியதில்லை என்று அவர் விட்டிருப்பார். அந்த இடத்துக்குப் பின் வருவதைக் கூற்றாக எடுக்கும்போது கூடுதல் சந்தேகம் வையுங்கள்.

இங்கே ஒரு தத்துவக் குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். கொலாய்சி முறை செவிலியர் ஆய்வுகளில் பொதுவாக, அனுபவத்தை அப்படியே விவரிக்க முயலும் விவரிப்பு நிகழ்வியல் பக்கம் வைத்துப் பேசப்படுவது. பிராக்கெட்டிங்கும் அந்தப் பக்கத்தின் சொல்தான். தத்துவவாதி ஹைடெக்கரை முன்வைத்து, ஆய்வாளரின் முன்புரிதல் இல்லாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடுத்த பக்கத்தில் முன்புரிதலை ஒதுக்கிவைத்தேன் என்று எழுதினால் தேர்வாளர் அங்கேதான் பிடிப்பார். பொருள்கொள்ளும் வழிதான் உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால் ஸ்மித்தின் ஐ.பி.ஏ. என்னும் பொருள்கொள்ளும் நிகழ்வியல் பகுப்பாய்வு போன்ற முறைக்கு முழுதாகப் போங்கள். பாதி வழியில் மாறினால் ஆய்வுத் திட்டத்தையும் திருத்த வேண்டிவரும். உங்கள் நிலையில் இருந்தால் நான் கொலாய்சியிலேயே இருப்பேன்.

மறுபடி பேட்டி? எட்டையும் மறுபடி எடுக்கத் தேவை இருக்காது. இரண்டு நிறக் கோட்டில் "இருக்கும்", "வரும்" நிறமே நிறைந்திருக்கும் பேட்டி ஒன்றோ இரண்டோ இருந்தால், அவர்களிடம் மட்டும் இருபது நிமிடம் கேளுங்கள். கேள்வித்தாள் வேண்டாம். "ஒரு நாளை மட்டும் எடுத்துக்கோங்க. அப்போ நீங்க எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?" என்று தொடங்கினால் போதும். எங்கே நின்றார் என்று யோசிப்பவர் அபிப்பிராயத்துக்குப் போக மாட்டார். இரண்டாவது சந்திப்பு உங்கள் நெறிமுறைக் குழு அனுமதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் திருத்தம் கேட்டு வாங்கிவிட்டுப் போங்கள்.

ஏழாவது படி, முடிவைப் பேட்டி கொடுத்தவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுவது. இதையே தேவையற்றது என்று இன்னொரு நிகழ்வியல் ஆய்வாளரான ஜியோர்ஜி மறுத்தார். அன்றாட நோக்கில் வாழ்ந்தவர், நிகழ்வியல் நோக்கில் எழுதப்பட்டதைச் சரிபார்க்க முடியாது என்பது அவர் வாதம். ஆனால் நீங்கள் கொலாய்சி என்று எழுதிவிட்டதால் செய்துதான் ஆக வேண்டும். தீம் பட்டியலைக் கொடுத்தால் "நல்லா இருக்கு மேடம்" என்று கையெழுத்துப் போட்டுத் தருவார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. ஐந்தாவது படியில் எழுதும் விரிவான விவரிப்பை ஒரு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்து, "உங்களுக்கு நடந்தது இதில் எங்கே இல்லை?" என்று கேளுங்கள். கேள்வியே குறையைத் தேடுவதாக இருந்தால்தான் குறை சொல்வார்கள்.

அந்தப் பக்கத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு விஷயம். எட்டுப் பேரும் ஒரே பிரிவாக இருந்தால், கதவுக்கு வெளியே நின்ற மகள், பக்கத்துப் படுக்கை பம்ப் என்றாலே சக செவிலியர்களுக்கு அது யார், எந்த இரவு என்று தெரிந்துவிடும். பெயரை நீக்கியது போதாது. "ஓடும்போது நிம்மதியா இருந்துச்சு" என்று அவர் உங்களிடம் சொன்னார், பணிநேரப் பொறுப்பாளரிடம் சொல்லவில்லை. மகளை "உறவினர் ஒருவர்" ஆக்கலாம், பம்பை வேறொரு அலாரம் ஆக்கலாம், விரிப்பையும் கதவையும் தொட வேண்டாம், பொருள் அவற்றில்தான் நிற்கிறது. எதை மாற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள். என்னிடம் காட்டுவதற்கு வாங்கிய சம்மதம் அச்சில் ஏறும் ஆய்வேட்டுக்குச் செல்லாது, அதைத் தனியாக வாங்குங்கள்.

கைடிடம் திரும்பப் போகும்போது எட்டுப் பேட்டியையும் முடித்துவிட்டுப் போக வேண்டாம். இந்த ஒரு பேட்டிக்கு மட்டும் கூற்று, வகுத்த பொருள், அடித்துத் திருத்திய பழைய பொருள் என்று மூன்று பத்தியில் அட்டவணை போட்டு எடுத்துப் போங்கள். அடித்தவை தெரியும்படி இருக்கட்டும், அவர் முதலில் அந்த மூன்றாவது பத்தியைத்தான் படிப்பார்.